ராத்திரி வேர்வை, மூன்று மணி விழிப்பு: மாலைக் காபியை விட வேண்டுமா?

மீனா_திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 49 வயது. வீட்டிலேயே தையல் வேலை. பீரியட்ஸ் இரண்டு வருடமாகத் தாறுமாறாக வந்து, இப்போது ஐந்து மாதமாக வரவே இல்லை. தொந்தரவு அதுவல்ல, சூடுதான். நெஞ்சில் ஆரம்பித்து கழுத்து வழியாகக் காதுமடல் வரை ஏறும். பின்கழுத்து நனைந்துவிடும். இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கி, அப்புறம் லேசாகக் குளிரும். பகலில் சமாளித்துவிடுகிறேன். ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு அப்படியே எழுந்து உட்கார்ந்தால் விடியும்வரை தூக்கம் கிடையாது. படுத்ததும் தூங்குவதும் முன்போல் இல்லை.

டாக்டரிடம் காட்டினேன். தைராய்டு, சர்க்கரை, ரத்த அளவு எல்லாம் சரியாக இருக்கிறது, இது அந்த வயதுக்கு வருவதுதான் என்றார். காபியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் என் ஓரகத்தி, "நாளுக்கு அஞ்சு டம்ளர் காபி குடிச்சா உடம்பு எரியாம என்ன செய்யும்?" என்று கேட்டதிலிருந்து மனதில் உறுத்துகிறது. காலை 5.30, 7.30, அப்புறம் 11, மாலை 4, 6.30. இதுதான் என் கணக்கு. அந்த 6.30 காபிக்குப் பிறகு பெரும்பாலும் ஒரு தடவை குப்பென்று வேர்க்கிறது என்பதும் உண்மை.

மொத்தமாக விட்டுவிட வேண்டுமா, ஏதாவது ஒரு வேளையை விட்டால் போதுமா? விட்டவர்கள் சொல்லுங்கள்.

காவேரிக்கரை_அம்மா

விட்டுவிடு மீனா. காபி சூடு. எனக்கு 62 ஆகிறது, எல்லாம் தாண்டி வந்தவள். ராத்திரி வெந்தயம் ஊறவைத்து காலையில் சாப்பிடு, பகலில் நீர்மோர் குடி. நாக்கு கேட்காமல் போனால் காபியைக் கலந்து ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்ததும் குடி. சூடாக உள்ளே போனால்தானே சூடு?

அரவை_செந்தில்

அக்கா, நான் காபிப்பொடிக் கடை வைத்திருக்கிறேன், அப்பா காலத்திலிருந்து. குற்றவாளி காபி இல்லை, சிக்கரி. கடையில் 70:30, 60:40 என்று வாங்கிக் குடிப்பவர்கள்தான் உடம்பு சூடு என்று புலம்புவார்கள். சிக்கரி கலக்காத சுத்தமான பொடியாக, அராபிகாவில் பீபெரியோ பிளான்டேஷன் ஏ-வோ வாங்கிக் குடியுங்கள். ரொபஸ்டா வேண்டாம், அது முரட்டுச் சரக்கு. இந்த இரண்டையும் மாற்றினால் ஐந்து டம்ளர் தாராளமாகக் குடிக்கலாம்.

ராம்குமார்_72

எனக்கும் இதே பிரச்சினைதான். மாலை காபி குடித்தால் நெஞ்சு எரிகிறது, புளித்த ஏப்பம் வருகிறது. காபிக்கு முன்னால் இரண்டு பிஸ்கட் சாப்பிட்டால் தேவலை. மேடம் முயன்று பாருங்கள்.

ஜெயா_மதுரை

ராம்குமார் சார், நீங்கள் சொல்வது வயிற்றுப் பிரச்சினை. மீனா கேட்பது மெனோபாஸ் சூடு. வேறு இழை போடுங்கள், அங்கே நிறையப் பேர் வருவார்கள்.

மீனா, மொத்தமாக மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் போன வருடம் ஒரே நாளில் நிறுத்தினேன். மறுநாள் மதியம் ஆரம்பித்த தலைவலி, கண்ணைத் திறக்க முடியவில்லை. குமட்டல் வேறு. மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டதும் அற்புதமாக நின்றது. அப்புறம்தான் அட்டையின் பின்பக்கம் பார்த்தேன், பாராசிட்டமாலோடு காஃபீனும் சேர்ந்த மாத்திரை. காபியை விட்டுவிட்டுக் காபியையே மாத்திரையாக விழுங்கியிருக்கிறேன். அந்த வாரமே பழையபடி டபரா டம்ளருக்குத் திரும்பிவிட்டேன்.

சுபா_மருந்தாளர்

மீனா, நீங்கள் இரண்டு கேள்வியை ஒன்றாகக் கேட்கிறீர்கள். சூடு வருவதற்குக் காபி காரணமா என்பது ஒன்று, தூக்கம் கெடுவதற்குக் காரணமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு என்னால் தைரியமாகப் பதில் சொல்ல முடியும். முதலாவது அவ்வளவு தெளிவாக இல்லை.

அதற்கு முன் செந்தில் தம்பி சொன்னதில் பாதி சரி, பாதி தலைகீழ். ரொபஸ்டா பற்றிச் சொன்னது சரி. அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன் அதில் உண்டு. ஆனால் சிக்கரி என்பது ஒரு கிழங்கு, வறுத்து அரைத்தது. அதில் காஃபீனே கிடையாது. 70:30 பொடியை விட்டு சிக்கரி இல்லாத பொடிக்கு மாறி, அதே இரண்டு கரண்டி போட்டால் ஒவ்வொரு டம்ளரிலும் காஃபீன் கூடும், குறையாது. அம்மா சொன்ன குளிர்ந்த காபியும் அப்படித்தான். ஆறினால் சூடு போகும், காஃபீன் எங்கேயும் போகாது. ஆனால் அம்மா சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

மீனா, மூன்று விவரம் வேண்டும். மாதத்துக்கு எவ்வளவு பொடி வாங்குகிறீர்கள், என்ன கலவை, வீட்டில் வேறு யார் குடிக்கிறார்கள்?

மீனா_திருச்சி

சுபா மேடம், மாதம் ஒரு கிலோ. 80:20. பாதி பீபெரி, பாதி ரொபஸ்டா போட்டு அரைத்துத் தருவார்கள், மாமியார் காலத்திலிருந்து அதே கலவை. இவர் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அவ்வளவுதான். நான் ஐந்து. காலையில் ஒரு தடவை ஃபில்டர் போடுவேன், மாலை 4 மணிக்குப் புதிதாக இன்னொரு தடவை. அதனால் 6.30 காபியும் முதல் டிகாஷன்தான். தண்ணீரான காபி எனக்கு இறங்காது.

சுபா_மருந்தாளர்

சரி, மேலோட்டமாகக் கணக்குப் போடலாம். மாதம் ஒரு கிலோ என்றால் நாளுக்கு சுமார் 33 கிராம் பொடி. சிக்கரியைக் கழித்தால் 26 கிராம் காபி. பாதி ரொபஸ்டா கலந்திருப்பதால் நூற்றுக்கு ஒன்றே முக்கால் பங்கு காஃபீன் என்று வையுங்கள். மொத்தம் 450 மில்லிகிராம். ஏழு டம்ளருக்குப் பிரித்தால் ஒரு டம்ளருக்கு 65 சுமார். சக்கையோடு கொஞ்சம் போய்விடும். ஆக உங்கள் பங்கு நாளுக்கு 300 வாக்கில். நம் ஊர் ஐ.சி.எம்.ஆர். 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் நாளுக்கு 300-ஐத் தாண்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறது. அதனால் அளவில் நீங்கள் பெரிய குடிகாரி இல்லை. கோட்டின் மேல் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் சிக்கல் அளவைவிட நேரத்தில் இருக்கிறது. குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போக சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். சிலருக்கு மூன்று, சிலருக்கு ஏழு. ஐந்து என்றே வைத்து, நீங்கள் 10.30-க்குப் படுக்கும்போது ஐந்து டம்ளரிலும் மிச்சம் எவ்வளவு என்று கூட்டினால் 90 மில்லிகிராம் வருகிறது. அதாவது ஒரு முழு டம்ளருக்கும் மேலே குடித்துவிட்டுப் படுப்பதற்குச் சமம். அதில் 6.30 காபி மட்டும் கிட்டத்தட்ட 40. காலை 5.30 காபியின் பங்கு ஏழுகூட இல்லை.

இப்போது 6.30 காபியை எடுத்துவிட்டு, 4 மணிக் காபியை 2 மணிக்குக் கொண்டுபோனால் அந்த 90 என்பது 50-க்கும் கீழே வந்துவிடும். ஐந்து டம்ளரில் ஒன்றைத்தான் விட்டிருக்கிறீர்கள், படுக்கும்போது உடம்பில் இருப்பது பாதியாகிவிட்டது. காலைக் காபியைத் தியாகம் செய்தால் இந்த லாபம் கிடைக்காது. எல்லோரும் குற்ற உணர்ச்சியில் முதலில் கைவைப்பது காலைக் காபியில்தான், எனக்கு அது ஏன் என்றே புரிந்ததில்லை.

ஜெயா_மதுரை

> படுக்கும்போது உடம்பில் இருப்பது பாதியாகிவிட்டது

ஆனால் மேடம், என் அம்மா ராத்திரி சாப்பிட்ட பிறகு காபி குடித்துவிட்டுத் தலையைச் சாய்த்ததும் குறட்டை விடுவார்கள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சுபா_மருந்தாளர்

தூங்கிவிடுவது வேறு, தூக்கம் ஆழமாக இருப்பது வேறு. 2013-இல் அமெரிக்காவில் ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் கொடுத்தார்கள். கருவி வைத்து அளந்தபோது மொத்தத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்திருந்தது. அவர்களைக் கேட்டபோது அந்த அளவுக்குத் தெரியவில்லை. அந்த 400 ஒரே மூச்சில் கொடுத்தது, மீனாவின் ஒரு டம்ளர் அவ்வளவு இல்லை. அதனால் அதே ஒரு மணி நேரம் இவருக்கும் போகிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "எனக்கு ஒன்றும் செய்யாது" என்று நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்வதை நம்ப முடியாது என்று தெரிகிறது.

இங்கேதான் மெனோபாஸ் சேருகிறது. பகல் முழுக்க மூளையில் சேர்ந்து தூக்கத்தை இழுத்துவரும் ஒரு பொருள் இருக்கிறது, அடினோசின். காஃபீன் அது உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தூக்கம் மேலோட்டமாகும். முப்பது வயதில் மேலோட்டமான தூக்கம் பெரிய விஷயமில்லை, எழுப்ப ஒன்றும் இல்லை. இப்போது உங்களை எழுப்ப ஒவ்வொரு ராத்திரியும் ஒரு சூடு தயாராக இருக்கிறது. ஆழ்ந்து தூங்கினால் அதில் சிலவற்றைத் தெரியாமலே கடந்துபோயிருப்பீர்கள். காபி சூட்டைக் கூட்டவே இல்லை என்றாலும், வருகிற ஒவ்வொரு சூட்டுக்கும் உங்களைக் கண்விழிக்க வைத்துவிடும். எழுந்ததும் சிறுநீர் முட்டுகிறதா? அதிலும் மாலைக் காபிக்குப் பங்கு உண்டு.

மீனா_திருச்சி

ஆமாம், எழுந்ததும் பாத்ரூம் போகாமல் படுக்க முடியாது. அதுவும் வயசு என்று நினைத்திருந்தேன். சரி, அப்போது சூடு? 6.30 காபிக்குப் பிறகு வருகிறதே?

சுபா_மருந்தாளர்

6.30-க்குக் காபி குடித்துவிட்டு என்ன செய்வீர்கள்?

மீனா_திருச்சி

அன்றைக்குத் தைத்ததை எல்லாம் இஸ்திரி போடுவேன். பிளவுஸ் தையல் பிரித்து அழுத்த வேண்டும், மறுநாள் காலை வாங்க வருவார்கள். சமையலறைப் பக்கத்து அறை, ஜன்னல் கிடையாது.

காவேரிக்கரை_அம்மா

அடிப் பெண்ணே, இதை முதலிலேயே சொல்லக் கூடாதா!

சுபா_மருந்தாளர்

அம்மா முந்திக்கொண்டார். மூளைக்குள் உடம்பின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடம் இஸ்திரிப் பெட்டியின் தெர்மோஸ்டாட் போல வேலை செய்கிறது. கொஞ்சம் ஏறினாலும் கொஞ்சம் இறங்கினாலும் பொறுத்துக்கொள்ளும் ஓர் இடைவெளி அதற்கு உண்டு. ஈஸ்ட்ரோஜென் குறையும்போது அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. முன்பு கண்டுகொள்ளாத சின்ன வெப்ப ஏற்றத்துக்கும் இப்போது ரத்தக் குழாயைத் திறந்துவிட்டு வேர்வையைக் கொட்டுகிறது. அதனால்தான் அம்மா சொன்னதில் விஷயம் இருக்கிறது என்றேன். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எதுவும், வெந்நீராக இருந்தாலும், சூட்டைத் தூண்டலாம். காரமும் அப்படித்தான். ஜன்னல் இல்லாத அறையும் இஸ்திரிப் பெட்டியும் கேட்கவே வேண்டாம்.

ஆக உங்கள் 6.30-இல் நான்கு சந்தேக நபர்கள் இருக்கிறார்கள்: காஃபீன், டம்ளரின் சூடு, இஸ்திரி, காற்றில்லாத அறை. காபியை மட்டும் பிடித்துக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள்.

ஜெயா_மதுரை

காஃபீன் சூட்டைக் கூட்டும் என்று ஆராய்ச்சி வந்திருக்கிறது என்று எங்கேயோ படித்தேனே மேடம்?

சுபா_மருந்தாளர்

மேயோ கிளினிக்கில் செய்தது. 2014-இல் வெளியானது. அங்கே வந்த 1,806 பெண்களிடம் கேட்டு எழுதியது. மாதவிடாய் முழுதாக நின்றவர்களில், காஃபீன் எடுப்பவர்கள் எடுக்காதவர்களைவிட சூடும் வேர்வையும் கூடுதலாகத் தொந்தரவு செய்வதாகச் சொன்னார்கள். வித்தியாசம் பெரிதல்ல. காபியால் சூடு வந்ததா, சூட்டால் தூக்கம் கெட்டவர்கள் களைப்புக்குக் காபியைக் கூட்டினார்களா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதே ஆய்வில் மாதவிடாய் நிற்கும் கட்டத்தில் இருந்தவர்களுக்குக் காஃபீனோடு மனநிலை, ஞாபகம், கவனம் இவற்றில் தொந்தரவு குறைவாக இருந்தது. செய்தித்தாள்கள் முதல் பாதியை மட்டும் போட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெனோபாஸுக்கான அமெரிக்க மருத்துவச் சங்கம் 2023-இல் ஹார்மோன் இல்லாத வைத்தியங்களை எடைபோட்டபோது, சூட்டைத் தூண்டுபவற்றைத் தவிர்ப்பதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. போதிய ஆதாரம் இல்லை என்றார்கள்.

ஜெயா_மதுரை

அப்படியானால் எதற்கு இவ்வளவு கணக்கு? ஆதாரமே இல்லை என்றால் மீனா நிம்மதியாகக் குடிக்கட்டுமே!

சுபா_மருந்தாளர்

சூட்டுக்குத்தான் ஆதாரம் போதவில்லை, தூக்கத்துக்கு இருக்கிறது. அவர் தூக்கத்தைத்தானே இழந்துகொண்டிருக்கிறார்? ஊருக்கெல்லாம் பொருந்தும் விதி இல்லை என்பதால் மீனாவுக்கு இல்லை என்று ஆகிவிடாது. அவர் தனக்குத்தானே பார்த்துக்கொள்ளலாம், செலவும் கிடையாது.

மீனா, தினசரிக் காலண்டர் தாளில் எழுதுங்கள். எப்போது காபி, எப்போது சூடு, ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள், இவ்வளவு போதும். முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். முன்னால் எப்படி இருந்தது என்று எழுதி வைக்காவிட்டால், மாற்றிய பிறகு தேவலையா இல்லையா என்பது மனப்பிரமை. அடுத்த வாரத்திலிருந்து 6.30 காபியை மட்டும் எடுங்கள். 4 மணியை ஒரே தாவாக 2-க்குக் கொண்டுபோக வேண்டாம், முதலில் 3 மணி. காலை மூன்றும் அப்படியே இருக்கட்டும். ஜெயா பட்ட தலைவலி மொத்தமாக நிறுத்தினால் வருவது. நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் நீளும். ஒரு டம்ளர் மட்டும் குறைத்தால் பெரும்பாலும் அந்த அவஸ்தை இருக்காது. வந்தாலும் லேசாகப் போய்விடும்.

தூக்கத்துக்கு இரண்டு வாரம் கொடுங்கள். சூடு தன்னாலேயே ஒரு வாரம் கூடும், ஒரு வாரம் குறையும். அதனால் ஒரு நல்ல வாரத்தைப் பார்த்து முடிவுகட்டாதீர்கள்.

யாழினி

நான் யாழ்ப்பாணம். எங்கட வீட்டில் கோப்பி இல்லை, பிளேன் ரீ தான். இரவு எட்டு மணிக்கும் ஒன்று. எனக்கும் இதே வேர்வை, இதே மூன்று மணி. ரீயிலும் இது இருக்கோ? அல்லது ரீ பரவாயில்லையோ?

சுபா_மருந்தாளர்

இருக்கிறது யாழினி. அதே ஐ.சி.எம்.ஆர். கணக்கில் 150 மில்லி தேநீருக்கு 30 முதல் 65 மில்லிகிராம். நன்றாகச் சாயம் இறங்கின பிளேன் டீ என்றால் மேல்பக்கம்தான் இருக்கும். எட்டு மணி என்பது மீனாவின் ஆறரையைவிட மோசமான நேரம். முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

காவேரிக்கரை_அம்மா

மாலைக்கு சுக்கு காபி போட்டுக்கொள்ளுங்கள் இரண்டு பேரும். பெயரில்தான் காபி.

அரவை_செந்தில்

அம்மா, கடையில் விற்கிற சுக்கு காபிப் பொடி சிலதில் காபிப்பொடியும் சேர்ப்பார்கள், பாக்கெட்டைப் படித்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். அப்புறம் சுக்கு, மிளகு எல்லாம் போட்டுக் கொதிக்கக் குடித்தால் அதுவே வேர்க்க வைக்குமே?

சிக்கரி விஷயத்தில் சுபா மேடம் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் சுவை என்று ஒன்று இருக்கிறது. மீனா அக்காவுக்குத் தண்ணீர்க் காபி இறங்காது என்றார். அதற்கு என்னிடம் வழி இருக்கிறது. ரொபஸ்டாவை எடுத்துவிட்டு முழுக்க பீபெரியாகப் போட்டு 60:40 அரைத்துத் தரச் சொல்லுங்கள். சிக்கரி கூடுவதால் டிகாஷன் கறுப்பாகவும் கெட்டியாகவும் இறங்கும், பார்த்தால் ஸ்ட்ராங் காபி. மேடம் கணக்குப்படி இதில் காஃபீன் எவ்வளவு வரும்?

சுபா_மருந்தாளர்

அருமை தம்பி. 33 கிராமில் 20 கிராம் காபி, அராபிகா என்றால் நூற்றுக்கு 1.2 பங்கு. மொத்தம் 240. முன்பு 450. டம்ளருக்கு 65 இருந்தது 35 ஆகிவிடும். 3 மணி டம்ளருக்கு இந்தப் பொடியைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

அரவை_செந்தில்

51 சதவீதத்துக்குக் கீழே காபி இறங்கினால் அந்தக் கலவையை விற்கவே கூடாது, சட்டம் அப்படி. அதனால் 60:40 வரைக்கும்தான் நான் அரைப்பேன். அதற்கும் மேல் சிக்கரி வேண்டும் என்று யாராவது கேட்டால் தனியாக வாங்கி வீட்டில் கலந்துகொள்ளட்டும்.

ஜெயா_மதுரை

இடையில் என் கேள்வி ஒன்று. நானும் 50-ஐத் தொட்டுவிட்டேன், சூடும் இருக்கிறது. தைராய்டு குறைவுக்கு ஏழெட்டு வருடமாக மாத்திரை. காலையில் எழுந்ததும் மாத்திரையை வாயில் போட்டு, கையோடு காபியைக் குடித்து இறக்கிவிடுவேன். நானும் இந்தக் காலண்டர் வேலையை ஆரம்பிக்கலாமா?

சுபா_மருந்தாளர்

ஜெயா, நீங்கள் முதலில் டாக்டரிடம் பேசுங்கள். காபி அந்த மாத்திரையைச் சரியாக உடம்பில் சேரவிடாது. மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. ஆனால் உங்களுக்கு அளவு நிர்ணயித்ததே காபியோடு விழுங்கிய ரத்தப் பரிசோதனையை வைத்துத்தான். கொஞ்சம் வீணாகிறது என்று தெரியாமல் அதற்கும் சேர்த்து அளவைக் கூட்டியிருக்கலாம். இப்போது திடீரென்று காபியைத் தள்ளிவைத்தால் அதே மாத்திரை முழுதாகச் சேரும். அளவு மீறினால் படபடப்பு, வேர்வை, தூக்கமின்மை. அச்சு அசல் மெனோபாஸ் மாதிரியே இருக்கும். நேரத்தை மாற்றுவதை டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்க்கச் சொல்வார்.

ஜெயா_மதுரை

இத்தனை வருடத்தில் ஒருத்தரும் எதோடு விழுங்குகிறாய் என்று கேட்டதில்லை. நாளைக்கே போகிறேன்.

மீனா_திருச்சி

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பள்ளிச் சீருடை சீசன், தலைக்கு மேல் வேலை.

சுபா மேடம் சொன்னபடி காலண்டரில் எழுதினேன். 6.30 காபியை நிறுத்திய முதல் சில நாட்கள் ஏதோ நகையைத் தொலைத்தவள் மாதிரி அந்த நேரத்தில் வீட்டுக்குள் சுற்றினேன். தலைவலி வரவில்லை. இப்போது அந்த நேரத்துக்கு மோர். மதியக் காபியை 3-க்கும் பிறகு 2-க்கும் கொண்டுவந்தாயிற்று, செந்தில் தம்பி சொன்ன கலவையில். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது யாருக்குப் போட்டது?" என்று கேட்டார். அதனால் வீட்டில் இப்போது இரண்டு டப்பா.

தூக்கத்தில் வித்தியாசம் இருக்கிறது. படுத்தால் சீக்கிரம் கண் அசருகிறது. மூன்று மணி விழிப்பு நிற்கவில்லை, ஆனால் வேர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி தூங்க முடிகிறது. பாத்ரூம் போவதும் பாதி நாட்களில் இல்லை.

சூடு? பகலில் எண்ணிக்கை முன்பு எப்படியோ இப்போதும் அப்படியே. மாலைச் சூடு மட்டும் குறைந்திருக்கிறது. ஆனால் மேடம் திட்டக்கூடாது, இதே நேரத்தில் இஸ்திரியைக் காலைக்கு மாற்றிவிட்டேன், வாசல் வராந்தாவில். அதனால் குறைந்தது காபியாலா இஸ்திரியாலா என்று தெரியவில்லை.

சுபா_மருந்தாளர்

திட்டவில்லை. தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தால் ஒரு வாரம் மாலையில், காபி இல்லாமல், பழைய அறையில் இஸ்திரி போட்டுப் பாருங்கள். ஆசை இல்லை என்றால் விட்டுவிடுங்கள், இரண்டையும் மாற்றியதால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ராத்திரிச் சூடு இப்படியே நீடித்து வேலையைக் கெடுத்தால் காபியைப் பிடித்துக் கொண்டே இருக்காதீர்கள். ஹார்மோன் சிகிச்சை இருக்கிறது, அது ஒத்துவராதவர்களுக்கு வேறு மருந்துகளும் இருக்கின்றன. மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். வேர்வையோடு மாலைக் காய்ச்சல், எடை குறைவது, விடாத இருமல் இருந்தால் அது வேறு கதை, உடனே காட்ட வேண்டும். ஒரு வருடம் முழுதாக நின்ற பிறகு மறுபடி ரத்தம் பட்டாலும் அப்படித்தான்.

மீனா_திருச்சி

ஜன்னல் இல்லாத அந்த அறைக்குத் திரும்பப் போக மாட்டேன் மேடம், ஆராய்ச்சி வேண்டாம்.

காவேரிக்கரை_அம்மா

நான் சொன்ன மோர்தான் கடைசியில் வேலை செய்திருக்கிறது, எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

யாழினி

நான் எட்டு மணி ரீயை விட்டுப் பார்த்தன். எனக்கு ஒரு மாற்றமும் இல்லை. சூடும் அப்படியே, நித்திரையும் அப்படியே. ரீயில்லாமல் இருந்ததுதான் மிச்சம்.

சுபா_மருந்தாளர்

அப்படியும் இருக்கும் யாழினி. எட்டு மணிக்கு முன்னால் கடைசி ரீ எத்தனை மணிக்கு? ராத்திரி குறட்டை விடுவதாக வீட்டில் யாராவது சொல்கிறார்களா? மெனோபாஸுக்குப் பிறகு தூக்கத்தில் மூச்சு தடைபடுவது கூடும், அதற்கு ரீ பொறுப்பில்லை.

யாழினி

ஆறு மணிக்கு ஒன்று இருக்கு. குறட்டை பற்றி இவரிட்டை கேட்டுச் சொல்லுறன். அவர் எனக்கு முதலே நித்திரை.

ஜெயா_மதுரை

டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை தண்ணீரோடு, காபி ஒரு மணி நேரம் கழித்து என்று மாற்றியாயிற்று. அளவை இப்போதைக்குத் தொடவில்லை, படபடப்பு வந்தால் உடனே வரச் சொன்னார். அடுத்த மாதக் கடைசியில் ரத்தப் பரிசோதனை. செந்தில் தம்பி, உங்கள் 60:40-ஐ மதுரைக்குக் கூரியரில் அனுப்புவீர்களா?

அரவை_செந்தில்

அனுப்பலாம் அக்கா, ஆனால் அரைத்து ஒரு வாரம் ஆனால் மணம் போய்விடும். உங்கள் தெருவிலேயே அரவைக் கடை இருக்கும், பீபெரி அறுநூறு கிராம், சிக்கரி நானூறு என்று எழுதிக்கொண்டு போங்கள்.